கோப்பி போடுறவைக்கு

கோப்பி மெஷினின்ர பின்பக்கத் தொட்டியில தண்ணி கோட்டுக்குக் கீழ நிண்டா பில்டர் தண்ணி விடுங்கோ. சுவிட்சைப் போட்டு 15 நிமிஷம் பொறுங்கோ. பச்சை லைட் முதலே வரும், ஆனா கைபிடி அப்பவும் குளிரா இருக்கும்; அதில இறக்கினா கோப்பி புளிக்கும்.

கைபிடிக் கரண்டியில 18 கிராம் தூள். பரவி, நேரா ஒருக்கா அமத்துங்கோ. விளிம்பில ஒட்டின தூளை விரலால வழிச்சு எடுங்கோ, இல்லாட்டி ரப்பர் வளையத்தால கசியும். பிடி உங்களுக்கு நேரா வருமட்டும் இறுக்குங்கோ.

கப்பைத் தராசில வைச்சு பட்டனை அமத்துங்கோ. 36 கிராமில நிப்பாட்டுங்கோ; 25–30 செக்கன் எடுக்கும். 15 செக்கனில ஓடி முடிஞ்சா தூள் பருமன்: கிரைண்டரை ஓடவிட்டபடி ஒரு எண் குறையுங்கோ. சொட்டுச் சொட்டா வந்தா ஒரு எண் கூட்டுங்கோ. கொட்டை டின்னை உடனே மூடுங்கோ, கொழும்புக் காத்து ஈரம்.

ஓடேக்க பிடியைக் கழட்டவே வேண்டாம். கொதிதண்ணி முகத்தில அடிக்கும்.

பாலுக்கு பிரிட்ஜில இருக்கிற பிரெஷ் மில்க்தான். பால்மா வேண்டாம், கட்டி நீராவிக் குழாயின்ர ஓட்டையை அடைக்கும். முதல்ல குழாயை 2 செக்கன் திறந்து தண்ணியை வெளியேத்துங்கோ. ஜக்கைத் தொட்டுக்கொண்டு நிக்க ஏலாத சூடு வந்தா போதும். குழாயை அப்பவே ஈரத்துணியால துடையுங்கோ. காய்ஞ்ச பால் பிறகு சுரண்டினாலும் போகாது.

கேத்தலை இதே மல்டி பிளக்கில போடாதேங்கோ, ட்ரிப் விழும். கோப்பிச் சக்கை சிங்குக்குள்ள இல்லை, பச்சை வாளிக்குள்ள.