முறைத் தண்ணீர்: ஆவணப்பட நல்கைக்கான திட்ட விளக்கவுரை

படம் எதைப் பற்றியது

‘முறைத் தண்ணீர்’ 70 நிமிட ஆவணப்படம். இராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள ஒரு கண்மாயில் தண்ணீர் வந்து சேர்வதிலிருந்து வற்றி மீன்பிடிப்பு முடியும்வரை, ஒரு முழுப் போகத்தை இது பின்தொடரும். படத்தின் மையத்தில் இருப்பவர் அந்தக் கண்மாயின் நீர்க்கட்டி. எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் பாய்ச்சுவது என்று முடிவு செய்வது அவர். ஆனால் அந்தக் கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் அவருக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது.

நிலமில்லாத ஒருவரின் நியாயத்தை நிலமுள்ளவர்கள் எதனால் ஏற்கிறார்கள், எந்தக் கட்டத்தில் மறுக்கிறார்கள் என்பதே படத்தின் கேள்வி. கீழே நான் விவரிக்கும் படப்பிடிப்பு முறை, பார்வையாளர், காலத்திட்டம், அளவீடு எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை.

பின்னணி

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. வைகையின் கடைசிப் பகுதியான இராமநாதபுரத்தில் ஆற்று நீரை நம்பி யாரும் விதைப்பதில்லை. வடகிழக்குப் பருவமழைதான் கண்மாயை நிரப்பவேண்டும். மேலே உள்ள கண்மாய் நிறைந்து உபரி நீர் கலுங்கு வழியே வழிந்தால்தான் கீழே உள்ள கண்மாய்க்குத் தண்ணீர். ஆகவே ஓர் ஊரின் மடை இன்னோர் ஊரின் விளைச்சலையும் தீர்மானிக்கிறது.

கண்மாய் நிறைந்திருக்கும்போது நீர்க்கட்டியின் வேலை யார் கண்ணிலும் படாது. நீர்மட்டம் இறங்கத் தொடங்கியதும் ‘முறை’ வைக்கிறார்கள். இத்தனை ஏக்கருக்கு இத்தனை நாழிகை என்று கணக்கு. நள்ளிரவில் மடைவாயில் நின்று அந்தக் கணக்கை நிறைவேற்றுவது அவர். கதிர் பால் பிடிக்கும் வேளையில் அரை மணி நேரம் கூடினாலும் குறைந்தாலும் சண்டை வரும். அறுவடையில் களத்திலேயே நெல்லாக அளந்து தந்த கூலி, இன்று பல ஊர்களில் பணமாகிவிட்டது. சில ஊர்களில் நின்றேபோய்விட்டது.

தென்மாவட்டங்களில் நீர்க்கட்டிகளாக இருப்பவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். ஆயக்கட்டில் பங்கு இல்லாததால்தான் நடுநிலையாளராக நம்பப்படுகிறார்கள் என்பது ஊரில் சொல்லப்படும் காரணம். அந்த நடுநிலைக்காக ஒரு சமூகம் தலைமுறைகளாக என்ன விலை கொடுத்தது என்பதை யாரும் சொல்வதில்லை. இவ்விரண்டையும் ஒரே சட்டகத்துக்குள் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் படத்தை எடுக்க விரும்புகிறேன்.

தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் 2000-இல் வந்தது. அதன் வழியே நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் உருவாயின. 2017-இல் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கப்பட்டுக் கண்மாய்கள் தூர்வாரப்பட்டன. கரை, மதகு, கலுங்கு எல்லாம் கணக்கில் வந்தன. அவற்றை இயக்கத் தெரிந்த மனிதருக்கு அந்தக் கணக்கில் இடம் கிடைத்ததா என்பதையும் படம் கேட்கும்.

மனிதர்களும் கதையோட்டமும்

எங்கள் நீர்க்கட்டிக்கு அறுபத்தெட்டு வயது. கண்மாயில் ஐந்து மடைகள். அவற்றில் இரண்டில் இன்னமும் பழைய குமிழித் தூம்புதான். தண்ணீருக்குள் முங்கித்தான் அடைப்பைத் திறக்க முடியும். அவரது மூட்டுவலி கூடிவிட்டது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார், திரும்பும் எண்ணம் இல்லை. சென்ற போகத்தில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தந்தையோடு வரப்பில் நடந்தவர் மகள். முப்பத்து நான்கு வயது, இரண்டு பிள்ளைகள். மடைகளின் போக்கு முழுவதும் அவருக்குத் தெரியும். ஒரு பெண் மடை திறக்கலாமா என்று ஊர் இன்னும் முடிவு சொல்லவில்லை. அடுத்த போகத்தின் தொடக்கத்தில் சொல்லியாக வேண்டும்.

அந்த முடிவு என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது, அதை நான் தூண்டவும் மாட்டேன். ஊர்க்கூட்டத்தில் கேமரா இருக்கும். கேள்வி எதுவும் கேட்காது.

மழை பொய்த்தால் என்ன ஆகும் என்று தேர்வுக்குழு கேட்கக்கூடும். கண்மாய் பாதிதான் நிறைந்தால் முறை வைப்பது முன்கூட்டியே தொடங்கும், எந்த நிலத்தைக் காயவிடுவது என்ற கேள்வி முதல் மாதத்திலேயே எழும். அது வேறொரு படமாக இருக்கும், ஆனால் கேள்வி இதேதான். முற்றிலும் வறண்டால் நீர்க்கட்டிக்குக் கூலியே கிடையாது. அந்த ஆண்டை அவர் குடும்பம் எப்படிக் கடக்கிறது என்பது படமாகும். படப்பிடிப்பு நாட்கள் மாறலாம்; முடிவுத் தேதி மாறாது.

படமாக்கும் முறை

பின்னணி வர்ணனை கிடையாது. நிபுணர் பேட்டியும் கிடையாது. ட்ரோன் காட்சி ஒன்றுகூட இருக்காது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். மேலிருந்து பார்க்கும்போது கண்மாய் அழகான வரைபடமாகிவிடும். நீர்க்கட்டி அதை வரைபடமாக அறிந்தவர் அல்லர். சேற்றின் இறுக்கத்தை வைத்து ஈரத்தையும், கலுங்குக் கல்லில் நீர் தொடும் இடத்தை வைத்து மீதமுள்ள நாட்களையும் கணிக்கிறவர். கேமரா அவருடைய தோள் உயரத்திலும் வரப்பு உயரத்திலும் நிற்கும். காட்சிகள் நீளமானவை. மடை திறந்த நீர் கடைசி வயலைத் தொடும்வரை காத்திருக்கும் பொறுமையைப் பார்வையாளரும் சிறிதளவாவது உணர வேண்டும்.

ஒலிக்குச் சமமான இடம் தருகிறோம். தூம்பின் வழியே நீர் இறங்கும் ஓசை நீர்மட்டத்துக்கு ஏற்ப மாறுகிறது. இருட்டில் அதைக் கேட்டே அவர் மடையைச் சரிசெய்கிறார். அதனால்தான் நிதியில் ஒலிப்பதிவுக்குத் தனித்தொகை கேட்கிறோம். இரவுக் காட்சிகளில் படத்தை நடத்திச்செல்வது ஒலிதான்.

ஒப்புதல்

நான் சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கண்மாய் ஊரில் பிறந்தவன். என் குடும்பம் ஆயக்கட்டில் நிலம் வைத்திருந்தது. முறைத் தண்ணீரை வாங்கும் பக்கத்தில் நின்று வளர்ந்தவன் நான். இது தேர்வுக்குழுவுக்குத் தெரிந்திருக்க வேண்டும், படத்தில் வருகிறவர்களுக்கும் தெரியும். எனவே சில ஏற்பாடுகளை எழுத்தில் தருகிறோம். முதல் தொகுப்பை அந்தக் குடும்பத்துக்குத்தான் முதலில் காட்டுவோம். தங்களுக்குத் தீங்கு வரும் என்று அவர்கள் கருதும் காட்சியை, காரணம் கேட்காமல் நீக்குவோம். படப்பிடிப்பால் இழக்கும் வேலை நாட்களுக்கு ஈடு உண்டு. கூலிப் பேச்சு நடந்துகொண்டிருப்பதால் ஊரின் பெயரை இந்த உரையில் தரவில்லை. ஒப்புதல் கடிதங்களோடு மூடிய உறையில் இணைத்துள்ளோம்.

யாருக்காக

முதல் பார்வையாளர்கள் அதே கண்மாய்ச் சங்கிலியில் உள்ள ஊர்களின் மக்கள். விவசாயிகள், நீர்க்கட்டிக் குடும்பங்கள், பாசனச் சங்க உறுப்பினர்கள், வயல் வேலைக்குப் போகும் பெண்கள். அவர்களுக்குக் கண்மாய் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. படத்தின் மொழியும் வேகமும் அவர்களை நினைத்தே அமைகின்றன.

அடுத்து, வேளாண்மை, பொறியியல் கல்லூரி மாணவர்கள், பொதுப்பணி, நீர்வளத் துறைகளில் களத்தில் இருக்கும் பொறியாளர்கள். இவர்களுக்காக, மடை திறப்பு, கலுங்கு பார்த்தல், முறைக் கணக்கு, கரைக் காவல், கசிவு அடைத்தல் ஆகியவற்றைப் பற்றி ஐந்து நிமிட அளவில் ஐந்து தனிக் குறும்பதிவுகள் தயாரிப்போம். திரைப்பட விழாக்களுக்கும் அனுப்புவோம், ஆனால் அவற்றை வெற்றியின் அளவுகோலாக வைக்கவில்லை.

காலத்திட்டம்

ஜூலை 2026 முதல் மார்ச் 2028 வரை. தண்ணீரின் நாட்காட்டிதான் எங்கள் நாட்காட்டி. ஆடி, ஆவணியில் வரத்துக்கால் சுத்தம் செய்வதும் புழுதி விதைப்பும். ஐப்பசி, கார்த்திகையில் மழை, நீர்வரத்து, கரைக் காவல். இந்த இரண்டு மாதமும் குழு ஊரிலேயே தங்கும், ஏனென்றால் கண்மாய் நிறையும் இரவை முன்கூட்டிக் குறிக்க முடியாது. மார்கழி, தையில் முறைத் தண்ணீர், படத்தின் நெஞ்சுப் பகுதி. மாசியில் அறுவடை, கூலி அளப்பு. சித்திரையில் கண்மாய் மீன்பிடிப்போடு படப்பிடிப்பு முடிகிறது.

படத்தொகுப்பு 2027 மார்ச்சிலேயே தொடங்கும். ஜூனில் குடும்பத்துக்குக் காட்டும் தொகுப்பு, ஜூலை இறுதியில் முடிந்த படம். ஊர்த் திரையிடல்களை 2027 ஆகஸ்ட், செப்டம்பரில் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டின் நீர்க்கட்டி யார், கூலி என்ன என்று ஊர்கள் பேசி முடிப்பது அப்போதுதான். பேச்சு முடிந்தபின் படம் காட்டினால் அது வெறும் நினைவாகிவிடும்.

எதை அளப்போம்

ஒரு முழுப்படம், ஐந்து குறும்பதிவுகள், முதிய நீர்க்கட்டிகளின் இருபது மணி நேரக் குரல்பதிவு ஆகியவை கையில் எடுத்துக் காட்டக்கூடிய பயன்கள். குரல்பதிவுகள் பொருளடக்கத்தோடு அந்தந்த ஊர் நூலகத்துக்கு வழங்கப்படும்.

24 ஊர்களில் திரையிடல். இலக்கு 2,000 பார்வையாளர்கள், அவர்களில் ஐந்தில் இருவராவது பெண்கள். தலைகளை எண்ணுவது எளிது. எங்களுக்கு முக்கியம், ஊரும் சேரியும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்ப்பது. இரு தரப்பும் தயக்கமின்றி வரக்கூடிய பொது இடம் அமையாத ஊரில் திரையிட மாட்டோம். அதனால் எண்ணிக்கை குறைந்தால், குறைந்ததையே அறிக்கையில் எழுதுவோம்.

அந்த 24-இல் எட்டு ஊர்களில் நான்கு கேள்விகளை இரண்டு முறை கேட்போம். திரையிடலுக்கு முன் ஒரு முறை, 2028 பிப்ரவரி, மார்ச்சில் அறுவடைக்குப் பின் ஒரு முறை. நீர்க்கட்டி பாசனச் சங்கக் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டாரா? பேசிய கூலி முழுவதும் கிடைத்ததா? முறைக் கணக்கு எங்காவது எழுதி வைக்கப்பட்டுள்ளதா? வேலையைக் கற்க இளையவர் ஒருவராவது வந்தாரா? எட்டில் மூன்று ஊர்களில் ஏதேனும் ஒரு பதிலாவது நல்ல பக்கம் மாறியிருக்க வேண்டும் என்பது இலக்கு. மழையும் நெல் விலையும் கூலியை மாற்றும் என்பதால், மாற்றம் எல்லாமே படத்தால் வந்தது என்று உரிமை கோரமாட்டோம். எதனால் மாறியது என்று அவர்கள் சொல்லும் காரணத்தையும் சேர்த்தே பதிவு செய்வோம்.

நிதி

மொத்தச் செலவு ரூ.14,20,000. இந்த நல்கையிலிருந்து கேட்பது ரூ.9,50,000. மீதியில் ரூ.3,00,000 தனிநபர் நன்கொடைகளாகச் சேர்ந்துவிட்டது, ரூ.1,70,000 எங்கள் சொந்தக் கருவிகளின் பயன்பாட்டு மதிப்பு.

கேட்கும் தொகையில் படப்பிடிப்பும் தங்குதலும் ரூ.3,40,000, படத்தொகுப்பு ரூ.2,10,000, திரையிடல்களும் மறு ஆய்வும் ரூ.1,50,000, ஒலி ரூ.1,30,000. படத்தில் வருவோருக்கான ஈட்டுத்தொகை ரூ.60,000. துணையுரைக்கு ரூ.30,000, எதிர்பாராச் செலவுக்கு ரூ.30,000. தொகை குறைத்து வழங்கப்பட்டால் குறும்பதிவுகளை ஐந்திலிருந்து மூன்றாக்குவோம், விழாக்களுக்கான செலவை விடுவோம். ஈட்டுத்தொகையிலும் ஊர்த் திரையிடலிலும் கை வைக்க மாட்டோம்.

முன்னோட்டமாக எடுத்த ஒன்பது நிமிடக் காட்சியை இணைத்துள்ளோம். சென்ற மார்கழியில் எடுத்தது. வெளிச்சம் குறைவு என்பதால் ஹெட்ஃபோனில் கேட்டபடி பார்க்குமாறு தேர்வுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். நல்கையின் முதல் தவணை ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் வந்தால் வரத்துக்கால் சுத்தம் செய்வதிலிருந்தே படமெடுக்க முடியும். தாமதமானால் அந்தப் பகுதியை எங்கள் கைப்பணத்தில் எடுத்துக்கொள்வோம்.