சாம்பார் பொடிக்கு பிரைவேட் லேபிள்: பெருந்துறை ஃபேக்டரியோட வாட்ஸ்அப்ல பேசினது

கவிதா: அண்ணா வணக்கம், கோயமுத்தூர் கவிதாங்க, போன வியாழக்கிழமை ஃபேக்டரிக்கு வந்து பார்த்துட்டு போனேனே, சாம்பார் பொடி. கொட்டேஷன் பார்த்தேனுங்ணா. கிலோ 265 ரேட்டுல எனக்கு ஒண்ணும் பிரச்சனை இல்லைங்க, வறுத்து அரைச்சு பேக் பண்ணி தர்றதுக்கு நியாயமாத்தான் போட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரில மினிமம் 10 டன்னு இருக்கே, அத பார்த்து தூக்கமே போச்சு. நேர்ல பேசறப்ப ஒரு பேட்ச் 200 கிலோ போதும்னு தானே சொன்னீங்க? நான் வீட்ல இருந்து மாசம் 70 கிலோ விக்கறதே பெருசு, 10 டன்னா எனக்கு பன்னெண்டு வருஷம் ஆகுமுங்ணா.

குமரேசன்: பயந்துக்காதீங்க அம்மணி 😄 ரெண்டும் நிஜந்தானுங்க. பொடிக்கு மினிமம் 200 கிலோ தான், அதுக்கு கீழ போனா ரோஸ்டர் சூடேத்தி மிஷின கழுவி விடற செலவே கட்டுபடியாகாது. அந்த 10 டன் பொடியோட கணக்கு இல்ல, கவரோட கணக்கு. நீங்க கலர் பிரிண்ட் போட்ட ரோல் ஃபிலிம் கேட்டீங்க, அது பிரிண்ட் பண்றவங்க 300 கிலோவுக்கு கீழ மிஷின ஓட்ட மாட்டாங்க.

கவிதா: 300 கிலோ ஃபிலிமுக்கும் 10 டன் பொடிக்கும் என்ன சம்பந்தம்ங்ணா

குமரேசன்: நம்ம 100 கிராம் பவுச் காலியா எடை போட்டா 3 கிராம் தான் இருக்கும். அப்ப 300 கிலோ ஃபிலிம்ல கிட்டத்தட்ட ஒரு லட்சம் பவுச். ஒரு லட்சம் பவுச் ரொப்ப 10 டன் பொடி. வேஸ்டேஜ் போனா கொஞ்சம் கம்மியாகும் அவ்ளோதான். ஆஃபீஸ் பையன் அத அப்படியே மினிமம் ஆர்டர்னு அடிச்சு விட்டுட்டான், நாந்தான் பார்க்காம அனுப்பிட்டேன்.

கவிதா: அட கடவுளே. அத விடுங்ணா, ஒரு லட்சம் பவுச்ச அடிச்சு வெச்சுட்டு நாளைக்கு நான் வீடு மாறினாலோ லேபிள் ரூல் மாறினாலோ அத்தனையும் எடைக்கு தானே போகணும். எனக்கு இப்போதைக்கு பிரிண்ட் ஃபிலிம் வேண்டாமுங்க. பிளைன் சில்வர் ஸ்டாண்டப் பவுச்ல ஸ்டிக்கர் லேபிள் ஒட்டி முதல் 3 பேட்ச் போகலாம், நல்லா ஓடுச்சுன்னா அப்புறம் ஃபிலிம்ல பிரிண்ட் பண்றதுக்கு சிலிண்டர் போட்டுக்கலாம். முடியுங்களா?

குமரேசன்: தாராளமா பண்ணலாம். ஆனா ஒட்டறதுக்கு ஆள் கூலி பவுச்சுக்கு 60 பைசா எக்ஸ்ட்ரா வரும். எனக்கும் ஒரு உறுதி வேணுமுங்க, ஒரே ஒரு 200 கிலோ எடுத்துட்டு நின்னுட்டீங்கன்னா சாம்பிள் போட்டு ரெசிபி செட் பண்ணின செலவு என் தலைல. 9 மாசத்துல 600 கிலோ, 200 200ஆ மூணு தவணைன்னு எழுதிக்கலாமா?

கவிதா: எழுதிக்கலாமுங்ணா. ஆனா முதல் பேட்ச் ருசியோ மணமோ நாம ஒத்துக்கிட்ட சாம்பிள் மாதிரி இல்லைன்னா மீதி 400க்கு என்னை கட்டாயப்படுத்த கூடாது, அந்த வரியும் சேர்த்துக்கணும். சாம்பிள் டப்பா உங்ககிட்ட ஒண்ணு எங்கிட்ட ஒண்ணு, சீல் போட்டு ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு வெச்சுக்கலாம். இன்னொண்ணு, அன்னைக்கு நான் வந்தப்ப பக்கத்து பல்வரைசர்ல கரம் மசாலா ஓடிட்டு இருந்துச்சு, பட்டை கிராம்பு வாசம் கேட் வரைக்கும் வந்துச்சு. அதே மிஷின்ல என் சாம்பார் பொடி ஓடுச்சுன்னா முதல்ல வர்ற பொடி பிரியாணி மாதிரி மணக்குமேங்ணா

குமரேசன்: 😂 கழுவி காய வெச்சுட்டு முதல்ல கொஞ்சம் மல்லி மட்டும் ஓட்டி தள்ளிருவமுங்க. அந்த மல்லி செலவு எங்களது, உங்க 200ல கைவைக்க மாட்டோம்.

கவிதா: சரிங்ணா. இப்ப டிசைன் விஷயம். கொட்டேஷன்ல "லேபிள் டிசைன் இலவசம்"னு போட்டிருக்கீங்க. ரொம்ப நன்றி ஆனா எனக்கு இலவசம் வேண்டாமுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. 2 வருஷம் முன்னாடி வேற ஒரு இடத்துல இட்லி பொடி போட்டேன், அங்கேயும் டிசைன் ஃப்ரீன்னு தான் சொன்னாங்க. நான் அங்கிருந்து வெளிய வந்த மூணாவது மாசம் எங்க ஏரியா மளிகை கடைலயே அதே பச்சை பார்டர், அதே வெண்கல கிண்ணம் படம், வேற பேரு. அந்த கிண்ணம் எங்க பாட்டியோடது, எங்க வீட்டு திண்ணைல வெச்சு நாந்தான் ஃபோட்டோ எடுத்தேன். கேட்டா "எங்க டிசைனர் போட்டது, ஃபைல் எங்களுது"ன்னுட்டாங்க. பேப்பர்ல ஒண்ணுமே எழுதிக்காததால என்னால ஒண்ணும் பேச முடியல.

குமரேசன்: கஷ்டந்தானுங்க. ஆனா எல்லா ஃபேக்டரியும் அப்படி இல்லைங்க, நான் 17 வருஷமா இந்த தொழில்ல இருக்கேன்.

கவிதா: உங்களை சொல்லலைங்ணா, அன்னைக்கு உங்க இடத்தை பார்த்ததுல நம்பிக்கை வந்துதான் இவ்ளோ பேசறேன். இருந்தாலும் எழுதிக்கறது ரெண்டு பேருக்கும் நல்லது. லேபிள் என் டிசைனர் போடறாரு, காசு நான் குடுக்கறேன், அவர்கிட்ட காப்பிரைட்டை எழுதி கையெழுத்தோட வாங்கிட்டேன். காசு குடுத்துட்டா உரிமை தானா நமக்கு வந்துரும்னு தான் நானும் நெனச்சிட்டு இருந்தேன், வக்கீல் தான் சொன்னாரு, காப்பிரைட் சட்டம் 19ஆம் பிரிவுல எழுத்துல கையெழுத்தோட குடுத்தா தான் செல்லுமாம், எத்தன வருஷம்னு எழுதலைன்னா 5 வருஷம்னு எடுத்துக்குவாங்களாம், எந்த நாடுன்னு எழுதலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டுமாம். எங்க சித்தி பொண்ணு சிங்கப்பூர்ல விக்கலாம்னு சொல்லிட்டு இருக்கா, அதனால உலகம் பூராவுக்கும் சேர்த்து எழுதி வாங்கிட்டேன். உங்ககிட்ட கேக்கறது இவ்ளோதான்: உங்க ஆள் பிரிண்டுக்காக ஃபைல்ல என்ன மாத்தினாலும், சைஸ் மாத்தினாலும் கலர் மாத்தினாலும், அந்த மாத்தின ஃபைலும் எனக்கே சேரும், கோரல் ஃபைலையே திருப்பி தரணும், வெறும் பிடிஎஃப் போதாது. மீந்த லேபிள், தப்பா அடிச்ச லேபிள் எல்லாம் எண்ணி எங்கிட்ட குடுத்துடணும். பின்னாடி சிலிண்டர் போட்டா பில்லு என் பேர்ல, அதுவும் எனக்கு சொந்தம்.

குமரேசன்: ஃபைலு, லேபிள் ஓகே. சிலிண்டர் பிரிண்ட் பண்றவங்க குடோன்ல தான் கிடக்கும், ஒவ்வொண்ணும் எடை ஜாஸ்தி, வீட்டுக்கு எடுத்துட்டு போயி என்ன பண்ணுவீங்க 😄 உங்க லெட்டர் இல்லாம யாருக்கும் அடிக்க கூடாதுன்னு அவங்ககிட்ட எழுதி வாங்கி தர்றேன். எனக்கு ஒரே ஒரு ஆசை, எங்க ஷோகேஸ்ல உங்க பாக்கெட் ஒண்ணு வெச்சுக்கட்டுமா? புதுசா வர்றவங்களுக்கு காட்ட.

கவிதா: தாராளமா வெச்சுக்கங்ணா, ரெசிபிய மட்டும் யாருக்கும் சொல்லிராதீங்க. அடுத்தது பேக்கிங் அப்ரூவல், இதுல தான் நான் ரொம்ப தொந்தரவு பண்ணுவேன், இப்பவே சொல்லிடறேன். உங்க பையன் நேத்து டிராஃப்ட் ஒண்ணு ஃபோட்டோவா அனுப்பி "ஓகேவா மேடம்"னு கேட்டாரு, நான் 👍 போட்டேன். அது பார்த்தேன்னு அர்த்தம், அடிங்கன்னு அர்த்தம் இல்ல!! அதுல பாருங்க, எங்க டிசைனர் கம்ப்யூட்டர்ல "சாம்பார் பொடி"ன்னு இருந்தது உங்க கம்ப்யூட்டர்ல தொறந்ததும் "சாம்பார் ெபாடி" ஆயிருக்கு. பெரிய எழுத்துல, நடு சென்டர்ல. எழுத்தையெல்லாம் கர்வ்ஸா மாத்தி புது ஃபைல் அனுப்பறேன், அத யாரும் தொட வேண்டாம்.

குமரேசன்: ஐயோ, சிஸ்டத்துல அந்த ஃபாண்ட் இல்லைங்க. நல்லவேளை பார்த்தீங்க.

கவிதா: பார்கோடும் பிரச்சனை. எங்க டிசைனர் அழகா இருக்கும்னு மஞ்சள் மேல சிவப்பு கோடா போட்டுட்டாரு. ஸ்கேனர் லைட்டே சிவப்பு, அதுக்கு சிவப்பு கோடு தெரியவே தெரியாது, கடைல பில் போடறப்ப பீப்பே வராது. வெள்ளை கட்டம் வெச்சு கருப்பா மாத்த சொல்லிட்டேன். இன்னும் ஒண்ணு, நீங்க போடறது கூட்டு பெருங்காயம் தானேங்ணா? அந்த டின்ல என்ன போட்டிருக்குன்னு பார்த்து சொல்லுங்க, கோதுமை மாவு இருக்கா?

குமரேசன்: இருங்க பார்க்க சொல்றேன்... ஆமாங்க, கோதுமை மாவு, வேலம் பிசின், பெருங்காயம்.

கவிதா: அப்ப லேபிள்ல அலர்ஜி வரில கோதுமைன்னு வந்தே ஆகணும். சாம்பார் பொடில கோதுமையான்னு யாரும் நெனச்சு பார்க்க மாட்டாங்க, ஒத்துக்காதவங்க சாப்ட்டா என்ன ஆகறது. பின்னாடி பக்கம் எஃப்எஸ்எஸ்ஏஐ லோகோவோட என் நம்பர், கீழ தயாரிப்பாளர்னு உங்க அட்ரஸும் உங்க லைசன்ஸ் நம்பரும், பச்சை புள்ளி, கஸ்டமர் கேர் நம்பர். எம்ஆர்பி, பேட்ச், தேதி இத லேபிள்ல அடிக்க வேண்டாமுங்க, வெள்ளையா இடம் விட்டிருக்கேன், இங்க்ஜெட்ல பேக் பண்ற அன்னைக்கு அடிச்சுக்கங்க. 100 கிராம் 90 ரூபா, பக்கத்துலயே கிராமுக்கு 0.90னும் வரணும். உங்க 14 இலக்க லைசன்ஸ் நம்பரை டைப் பண்ணாதீங்க, சர்டிபிகேட் காப்பியவே அனுப்புங்க, நான் பார்த்து ஒண்ணொண்ணா சரி பார்த்துக்கறேன்.

குமரேசன்: மதியம் அனுப்பறேன். லேபிள் எத்தன அடிக்கட்டும், 2000 பவுச் வரும், 2500 அடிச்சா சேதாரத்துக்கு ஆகும்.

கவிதா: 2500 சரி, ஆனா மொத்தமா அடிக்கறதுக்கு முன்னாடி அதே ஸ்டிக்கர் பேப்பர்ல 10 மட்டும் அடிச்சு, பொடி ரொப்பின பவுச்ல ஒட்டி கொரியர்ல அனுப்பணும். ஸ்க்ரீன்ல பாக்கறது வேற, கைல வர்றது வேற. பவுச் ரொப்பினதும் வயிறு உப்பிக்கும், லேபிள் ஓரம் தூக்கும், வீட்ல நான் ஒட்டறப்ப பாதி அப்படித்தான் போச்சு.

குமரேசன்: அதுக்கு காரணம் வேற அம்மணி. ரொப்பிட்டு ஒட்டினா மேல மஞ்ச தூசி படிஞ்சிருக்கும், கம்மு புடிக்காது. நாங்க காலி பவுச்ல ஒட்டிட்டு தான் ரொப்புவோம்.

கவிதா: அட, இது தெரியாம ஒரு வருஷம் துணிய வெச்சு தொடச்சு தொடச்சு ஒட்டிட்டு இருந்தேனுங்ணா 🤦‍♀️

குமரேசன்: 10 சாம்பிள் சரி. ஆனா எனக்கும் ஒரு கெடு வேணும். உங்க கைக்கு வந்து 3 வேலை நாள்ல சரின்னோ திருத்தம்னோ சொல்லிடணும், சும்மா இருந்தீங்கன்னா என் மிஷின் ஸ்லாட் போயிரும். நீங்க ஒத்துக்கிட்டதுக்கு அப்புறம் எழுத்து பிழை கண்டுபுடிச்சீங்கன்னா திரும்ப அடிக்கற செலவு உங்களுது.

கவிதா: நியாயந்தான். ஆனா நான் ஒத்துக்கிட்ட சாம்பிள்ல இருந்து நீங்க மாறினா, கலரு மாறினாலும் பேப்பர் மாறினாலும், செலவு உங்களுது. மூணு நாள்ல நான் பதில் சொல்லலைன்னா ஸ்லாட்ட வேற ஆளுக்கு குடுத்துக்கங்க, ஆனா சும்மா இருந்தா சம்மதம்னு மட்டும் எடுத்துக்க கூடாது. ஒப்புதல்ங்கறது சாம்பிள் பவுச் மேல என் கையெழுத்தும் தேதியும், அது திரும்ப உங்க கைக்கு வந்தா தான் பிரிண்ட்.

குமரேசன்: சரிங்க அப்படியே எழுதிருவோம். அட்வான்ஸ் 50 பர்சன்ட், மீதி லாரி ஏத்தறதுக்கு முன்னாடி.

கவிதா: மீதிய லேப் ரிப்போர்ட் பார்த்துட்டு தான் போடுவேனுங்ணா. திங்கக்கிழமை காலைல ரெண்டு காப்பி அக்ரிமென்ட்டோட நேர்ல வர்றேன், கூடவே எங்க வீட்டு கருவேப்பிலை ரெண்டு கிலோ காய வெச்சு எடுத்துட்டு வர்றேன், சாம்பிளுக்கு அத போட்டு அரைங்க. கடை கருவேப்பிலைக்கும் அதுக்கும் மணம் வேறயா இருக்கும், அப்புறம் சாம்பிள் மாதிரி இல்லைன்னு நாம சண்டை போட்டுக்க கூடாது பாருங்க.

குமரேசன்: 😂 அப்ப மூணு பேட்சுக்கும் கருவேப்பிலை உங்க சப்ளைன்னு அதையும் அக்ரிமென்ட்ல எழுதிட்டு வாங்க. பத்து மணிக்குள்ள வந்துருங்க, அப்புறம் ரோஸ்டர் ஓட ஆரம்பிச்சுரும், ஒண்ணும் காதுல விழாது.