ரைகரின் அவசர சத்திரசிகிச்சைச் செலவுக்கான இழப்பீட்டுக் கோரிக்கை

ச. வாசுகி,
கோண்டாவில் மேற்கு,
கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.
27.06.2025

முகாமையாளர்,
செல்லப்பிராணி இழப்பீட்டுப் பிரிவு,
யாழ்ப்பாணக் கிளை.

காப்புறுதிப் பத்திர இலக்கம்: செபி/யாழ்/2291
காப்புறுதிக் காலம்: 01.09.2024 முதல் 31.08.2025 வரை
பிராணி: ரைகர், ஆண், லாப்ரடோர் கலப்பு, வயது 4, நிறை 26 கிலோ

மதிப்புக்குரிய ஐயா,

எங்கள் வீட்டு நாய் ரைகருக்கு 10.06.2025 செவ்வாய்க்கிழமை குடலில் அவசர சத்திரசிகிச்சை நடந்தது. அதற்கான செலவில் பத்திரப்படி எனக்குச் சேரவேண்டிய 112,095 ரூபாவைக் கோரி இதை எழுதுகிறேன். நிரப்பிய கோரிக்கைப் படிவம், வைத்தியசாலைப் பற்றுச்சீட்டுகள், வைத்தியரின் அறிக்கை, தடுப்பூசி அட்டைகள் எல்லாம் இத்துடன் உள்ளன.

படிவத்தில் ‘சம்பவ விபரம்’ என்று மூன்று கோடுதான் விட்டிருக்கிறீர்கள். கடந்த 18ஆம் திகதி உங்கள் அலுவலகத்திலிருந்து பேசிய உத்தியோகத்தர், முன் அனுமதி பெறவில்லை, மாங்கொட்டையை விழுங்கவிட்டது வீட்டாரின் கவலையீனம் என்று இரண்டு தடைகளைச் சொன்னார். இரண்டுக்கும் அந்த மூன்று கோட்டுக்குள் பதில் எழுத முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நடந்தது இதுதான். ஜூன் 8ஆம் திகதி ஞாயிறு இரவு சோளகம் பலமாக அடித்தது. பக்கத்து வளவுக் கறுத்தக்கொழும்பான் மரத்தின் ஒரு கொப்பு எங்கள் கிணற்றடிக்கு மேல் நிற்கிறது. திங்கள் காலை பாடசாலைக்குப் போகுமுன் விழுந்த பழங்களைப் பொறுக்கி வாளியில் போட்டேன், பதினொரு பழம். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு பழத்தின் தோல் மட்டும் பிய்ந்து கிடந்தது. வௌவாலின் வேலை என்று நினைத்துக் கூட்டித் தள்ளிவிட்டேன். வௌவால் என்றால் கொட்டை அங்கேயே கிடந்திருக்கும். அது எனக்கு உறைத்தது அடுத்த நாள் ஸ்கான் அறையில்தான்.

திங்கள் பின்னேரம் ஒருமுறை சத்தி எடுத்தது. புல்லுத் தின்றால் நாய்கள் அப்படிச் செய்வது வழமை என்பதால் பெரிதாக எடுக்கவில்லை. இரவு நான்கு தரம் எடுத்தது. விடிய ஐந்து மணிக்கு மாமி வந்து எழுப்பினா. விறாந்தை மூலையில் வயிறு உப்பி, முதுகை வளைத்துக்கொண்டு நின்றது. ஓங்காளித்தால் மஞ்சள் நீர் மட்டும் வந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், முரசு வெளிறிப் போயிருந்தது. தண்ணீர்க் கோப்பையை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

அன்று பொசன் பூரணை. அரச கால்நடை வைத்திய அலுவலகம் பூட்டு. கொக்குவிலில் இருக்கும் தனியார் மிருக வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்தேன், வைத்தியர் உடனே கொண்டுவரச் சொன்னார். எங்கள் ஒழுங்கைத் தம்பியின் ஓட்டோவில் 6.30 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். எக்ஸ்ரேயில் குடல் காற்றடைத்து வீங்கியிருப்பது தெரிந்ததே தவிர, காரணம் தெரியவில்லை. மாங்கொட்டை, கல்லு அல்லது எலும்பைப்போல எக்ஸ்ரேயில் பளிச்சென்று காட்டாது என்று வைத்தியர் விளங்கப்படுத்தினார். பிறகு ஸ்கானில் சிறுகுடலின் நடுப்பகுதியில் வளைவான ஒரு கோடும் அதற்குக் கீழே கறுப்பு நிழலும் தெரிந்தன. இரண்டையும் செய்தது ஏன் என்று கேள்வி வரலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன், ஒன்று போதாமல்தான் மற்றது செய்யப்பட்டது.

சத்திரசிகிச்சை 10.40க்குத் தொடங்கி 12.30 அளவில் முடிந்தது. கொட்டை இறுகியிருந்த இடத்தில் குடல் ஊதா நிறமாகியிருந்ததாம். கொட்டையை எடுத்தபின் நிறம் மெல்லத் திரும்பியதால் குடலில் எந்தத் துண்டையும் வெட்டி அகற்றவில்லை, கீறிய இடத்தைத் தைத்துவிட்டார்கள். இன்னும் அரை நாள் பிந்தியிருந்தால் அந்தப் பகுதியையே வெட்டி இணைக்க வேண்டியிருக்கும், குடல் ஓட்டையாகி வயிற்றுக்குள் கிருமி பரவியுமிருக்கும் என்று வைத்தியர் தன் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறார். கொட்டையை ஒரு சிறு போத்தலில் போட்டு என் கையில் தந்தார். அதன் நார் முழுக்கத் தேய்ந்து, ஒரு ஓரத்தில் பல் பதிந்த அடையாளத்தோடு இருக்கிறது. உங்கள் பரிசோதகர் பார்க்க விரும்பினால் கொண்டுவந்து காட்டுவேன்.

இனி முன் அனுமதி விடயம். அன்று காலை 7.10, 7.25, 8.05 மணிக்கு உங்கள் அவசர இலக்கத்துக்கு மூன்று தரம் எடுத்தேன். மூன்று தரமும் விடுமுறை அறிவிப்புத்தான் ஓடியது. அழைப்புப் பதிவின் படத்தை இணைத்திருக்கிறேன். 8.20க்கு வைத்தியசாலை விறாந்தையில் இருந்தபடியே எக்ஸ்ரே படத்துடன் மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாள் 10.15க்கு, ‘படிவத்தை நிரப்பி அனுப்பவும்’ என்று உங்களிடமிருந்து பதில் வந்தது. பத்திரத்தின் 7(ஆ) பிரிவு, உயிராபத்தான நிலையில் முன் அனுமதி தேவையில்லை, 48 மணித்தியாலத்துக்குள் அறிவித்தால் போதும் என்கிறது. நான் சத்திரசிகிச்சைக்கு முன்னரே அறிவித்துவிட்டேன். பேசிய உத்தியோகத்தர் 7(அ)வை மட்டும் வாசித்தார். அடுத்த வரியையும் வாசித்திருந்தால் இருவருக்கும் நேரம் மிஞ்சியிருக்கும்.

பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்கு ஏன் கொண்டுபோகவில்லை என்றும் அவர் கேட்டார். இங்கிருந்து குறைந்தது ஆறு மணித்தியால ஓட்டம். மேலே சொன்ன அரை நாள் கணக்கோடு அதைச் சேர்த்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கவலையீனம் என்ற சொல் எனக்கு மனவருத்தம் தந்தது, அதை மறைக்கவில்லை. நாங்கள் நாய்க்கு மாம்பழம் கொடுப்பதில்லை. வளவு நான்கு பக்கமும் அடைத்த வேலி, படலை எப்போதும் கொழுவியிருக்கும். இரவில் காற்றுக்கு விழுந்த பழத்தை விடியுமுன் நாய் தின்றதை யாரால் தடுக்க முடியும்? ஆனி மாதத்தில் யாழ்ப்பாணத்தில் மாங்கொட்டை இல்லாத வளவைத் தேடித்தான் நாய் வளர்க்க வேண்டும் என்றால், உங்கள் கிளைக்கு வாடிக்கையாளர் மிஞ்சமாட்டார்கள். பத்திரத்திலும் ‘வேண்டுமென்றோ தெரிந்தோ ஆபத்துக்கு உட்படுத்தல்’ மட்டுமே விலக்கப்பட்டுள்ளது. சரி, பக்கத்து வீட்டு அண்ணையிடம் சொல்லி அந்தக் கொப்பைப் போன கிழமை வெட்டிவித்துவிட்டோம்.

பற்றுச்சீட்டுகள் நான்கு. முதலாவது 10ஆம் திகதிக்குரியது: விடுமுறைநாள் அவசரப் பரிசோதனை 3,500, எக்ஸ்ரே 6,000, ஸ்கான் 5,000, இரத்தப் பரிசோதனை 7,200, கூட்டாக 21,700 ரூபா. அன்று கணக்காளர் இல்லாததால் இது கையெழுத்தில் உள்ளது, வைத்தியசாலை முத்திரை இருக்கிறது. இரண்டாவது சத்திரசிகிச்சை 58,000, மயக்கமருந்து 12,000, ஆக 70,000. மூன்றாவது 13ஆம் திகதி வீட்டுக்கு விடும்போது தந்தது, மொத்தம் 37,950. அதில் மூன்று இரவுத் தங்கல் 13,500, சேலைனும் மருந்துகளும் 16,850. மீதி 7,600 ரூபா தகரத்திலடைத்த விசேட உணவுக்கும் கழுத்தில் போடும் கூம்புக்கும் உரியது. இவை பத்திரத்தில் அடங்காது என்பது தெரியும், அதனால் அந்த வரிகளைப் பென்சிலால் அடைப்பிட்டு விலக்கியிருக்கிறேன். நான்காவது 21ஆம் திகதி தையல் பிரித்ததற்கு 2,500. ஆகவே கோரத்தக்க தொகை 124,550 ரூபா. என் பங்கான பத்து வீதம் 12,455ஐக் கழித்தால் 112,095 வரும். ஒரு சம்பவத்துக்கான உச்சவரம்பு 150,000க்குள் இது அடங்குகிறது. ஓட்டோக் கூலி கோரவில்லை. தம்பி போகும்போது காசே வாங்கவில்லை.

தடுப்பூசி அட்டைகள் இரண்டு இருப்பதைப் பார்த்துக் குழம்பவேண்டாம். நீல அட்டை வைத்தியசாலையினுடையது, டிஸ்டெம்பர், பார்வோ முதலியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசிகள் 2021இல் குட்டியாக இருந்தபோது போட்டதிலிருந்து அதில் உள்ளன. வெள்ளை அட்டை விசர்நாய்க்கடி நோய்த் தடுப்பூசிக்குரியது. அது ஊரில் சுகாதாரப் பகுதியினர் இலவசமாகப் போடும்போது தருவது. கடைசியாக 16.03.2025இல் போட்டது.

நீல அட்டையில் ஒரு குறையும் உண்டு. நீங்கள் கண்டுபிடிக்கமுன் நானே சொல்லிவிடுகிறேன். இந்த வருடக் கூட்டுத் தடுப்பூசி 03.05.2025இல் போடவேண்டியது, பரீட்சைக் கடமை காரணமாக 22.05.2025இல்தான் போட்டேன். பத்தொன்பது நாள் பிந்தியது உண்மை. ஆனால் சம்பவ நாளில் தடுப்பூசி நடைமுறையில் இருந்தது, பத்திரம் கேட்பதும் அதைத்தான். அதோடு மாங்கொட்டை சிக்கியதற்கும் பார்வோவுக்கும் தொடர்பில்லை. 2023ஆம் ஆண்டுப் பக்கம் மழையில் நனைந்து மை பரவியிருக்கிறது. மருந்துக் குப்பியின் ஒட்டி மட்டும் வாசிக்கக்கூடியதாக உள்ளது. அந்தத் திகதியை வைத்தியசாலை தன் பதிவேட்டிலிருந்து உறுதிப்படுத்திக் கடிதம் தந்திருக்கிறது.

பெயர் விடயமும் ஒன்று. உங்கள் பத்திரத்தில் ‘ரைகர்’, பற்றுச்சீட்டுகளில் ‘டைகர்’, வெள்ளை அட்டையில் ‘ரைக்கர்’. மூன்றும் ஒரே நாய்தான். நாங்கள் கூப்பிடுவது ரைகர், வைத்தியசாலையில் பதிபவர் வவுனியாவில் படித்தவராம், அவர் ‘ட’ போட்டார். இடது காது நுனி கிழிந்திருப்பதும் வலது முன்காலின் வெள்ளைப் பாதமும் மூன்று ஆவணங்களிலும் அடையாளமாக எழுதப்பட்டுள்ளன. படமும் வைத்திருக்கிறேன்.

கடந்த தை மாதம் இதே வைத்தியசாலையில் ஒரு சிகிச்சை நடந்ததும் கோப்பில் தெரியவரும். அது உண்ணிக் காய்ச்சல், மாத்திரையோடு சுகமானது, அதற்கு நான் கோரிக்கை எதுவும் வைக்கவில்லை. குடல் நோய் இதற்குமுன் இருந்ததில்லை.

தொகையை மாதக் கட்டணம் கழிக்கப்படும் அதே வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம். கோரிக்கை முழுதாகவோ பகுதியாகவோ மறுக்கப்படுமானால், எந்தப் பிரிவின் கீழ் என்பதை எழுத்தில் தாருங்கள், தொலைபேசியில் வேண்டாம். மேலதிக விபரத்துக்கு பிற்பகல் 2.30க்குப் பின் அழைக்கலாம், அதற்கு முன் வகுப்பில் இருப்பேன்.

மேற்கூறியவை யாவும் உண்மை என உறுதிப்படுத்துகிறேன்.

இப்படிக்கு,
ச. வாசுகி

இணைப்பு: கோரிக்கைப் படிவம், பற்றுச்சீட்டுகள் 4 (மூலப்பிரதி), சத்திரசிகிச்சை அறிக்கை, 3 பக்கம், எக்ஸ்ரே, ஸ்கான் படங்கள், நீல, வெள்ளைத் தடுப்பூசி அட்டைகளின் பிரதிகள், 2023 தடுப்பூசி பற்றிய வைத்தியசாலைக் கடிதம், அழைப்புப் பதிவு, மின்னஞ்சல் பிரதி, ரைகரின் படம் 2. தடுப்பூசி அட்டைகளின் மூலப்பிரதி என்னிடம் உள்ளது, அடுத்த ஊசிக்குத் தேவை என்பதால் அனுப்பவில்லை.