புதிய மெனுவில் உள்ள எடையும் கலோரியும்: வாத்தியார் ஐயாவுக்கு ஒரு விளக்கம்

அன்புள்ள வாத்தியார் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். வியாழக்கிழமை மதியம் கல்லாவில் புது மெனு அட்டையைக் காட்டி, “சோறு 300 கிராம்னு போட்டிருக்கியே தம்பி, அளவைக் குறைச்சிட்டியா?” என்று கேட்டீர்கள். பின்னால் நாலைந்து பேர் நின்றதால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டு வருடமாக என் கடையில் சாப்பிடுகிறவரை அரைகுறைப் பதிலோடு அனுப்பியது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

அட்டை அடிப்பதற்கு முன் ஒரு நாள் பரிமாறிய பத்துத் தட்டுகளைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் 260 கிராம் சோறு, இன்னொன்றில் 380. இரண்டுக்கும் ஒரே விலைதான் வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது தலைதட்டினால் 100 கிராம் பிடிக்கிற கரண்டி வாங்கி, தட்டுக்கு மூன்று கரண்டி என்று வைத்திருக்கிறோம். உங்கள் தட்டில் குறைந்திருப்பது உண்மைதான் ஐயா. உங்களைப் பார்த்தாலே பரிமாறுகிற பெரியவர் ஒரு கை கூடவே போடுவார். வேண்டுமானால் இன்னொரு கரண்டி கேளுங்கள், தாராளமாகப் போடுவோம். அந்த ஒரு கரண்டி 130 கிலோ கலோரி என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

அட்டையில் உள்ள எடையெல்லாம் வெந்த பிறகு தட்டில் இருக்கும் எடை. சுமார் 110 கிராம் அரிசி தண்ணீரை இழுத்துத்தான் 300 கிராம் சோறாகிறது. டாக்டர் உங்களுக்கு எழுதிக்கொடுத்ததில் “அரிசி 75 கிராம்” என்று இருப்பதாகச் சொன்னீர்கள். அது வேகாத அரிசியின் கணக்கு என்றால், எங்கள் கரண்டியில் இரண்டு. 75 கிராம் சோறு என்று நினைத்துக்கொண்டு ஒரு கரண்டிகூடச் சாப்பிடாமல் எழுந்துவிடாதீர்கள். எதற்கும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கோழிக்கறியில் இது தலைகீழ்: வேகும்போது தண்ணீர் வெளியேறி எடை குறையும்.

கலோரிக்கு வருகிறேன். நான் எதையும் சோதனைக்கூடத்துக்கு அனுப்பவில்லை. சட்டிக்குள் போகிற ஒவ்வொரு பொருளையும் எடை போட்டு, அதனதன் கலோரியைக் கூட்டி, வெந்த மொத்த எடையால் வகுத்தேன். நீங்கள் விரும்பிச் சாப்பிடும் உருளைக்கிழங்கு வறுவலையே எடுத்துக்கொள்ளுங்கள். தோல் சீவிய கிழங்கு 4 கிலோ, அதில் 3,080 கிலோ கலோரி. எண்ணெய் 400 கிராம்தான், ஆனால் கிராமுக்கு 9 வீதம் 3,600. வறுத்து இறக்கியபோது சட்டி எடை போக 3,200 கிராம் நின்றது. ஆக 100 கிராம் வறுவலுக்கு ஏறக்குறைய 210. கிழங்கைவிட எண்ணெய் தருவது அதிகம் என்று கண்ணால் பார்த்த அன்று எனக்கே திக்கென்றது. அன்றிலிருந்து எண்ணெயைக் கண் அளவில் ஊற்ற விடுவதில்லை, அளந்துதான் ஊற்றுகிறோம். முட்டையும் அப்படித்தான். வேகவைத்தால் 75, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் பொரித்தால் 115.

இதெல்லாம் ஏறக்குறையக் கணக்குதான். கிழங்கின் ஈரமும் கை அளவும் நாளுக்கு நாள் மாறும், பத்து இருபது கூடக்குறைய இருக்கும். உப்பைப் பற்றி இந்த எண் எதுவும் சொல்லாது. அதனால் ரத்த அழுத்தத்துக்கு இதைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். அப்புறம், “கிலோ கலோரி” என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், டாக்டர் கலோரி என்று சொல்வதும் இதையேதான்.

ஒரு பிழையும் உண்டு. முதலில் அடித்த அட்டைகளில் பருப்புக் கிண்ணத்துக்கு 85 என்று இருக்கிறது. சரியான எண் 185. அச்சுக்குக் கொடுக்கும் முன் நான் சரிபார்க்காமல் விட்டது, மன்னிக்கவும். எல்லா அட்டையிலும் பேனாவால் திருத்திவிட்டேன். வீட்டுக்கு நீங்கள் எடுத்துச்சென்றது பழைய அட்டை, அதிலும் திருத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் வழக்கமான மதியச் சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தேன். சோறு 390, பருப்பு 185, வறுவல் 210, வேகவைத்த முட்டை 75, மொத்தம் 860. சோற்றை இரண்டு கரண்டியாக்கி, வறுவலைப் பாதியாக்கினால் 625 ஆகிவிடும். பருப்பையும் முட்டையையும் குறைக்க வேண்டாம், வயிறு நிறைய அவை வேண்டும். பாதி வறுவலுக்குப் பாதி விலைதான் வாங்குவோம்.

திங்கட்கிழமையிலிருந்து தராசைக் கல்லா பக்கத்திலேயே வைக்கிறேன். உங்கள் தட்டை நீங்களே வைத்துப் பார்க்கலாம். பெரியவரிடம் “இரண்டு கரண்டி” என்று சொல்லி வைத்திருக்கிறேன். மூன்று வேண்டுமென்றால் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஓட்டல்காரத் தம்பி