பொருள்: திருப்பூர் ஜாப் ஒர்க் துணிக் கணக்கு: அரை மணி நேரச் சந்திப்பு வேண்டி (9 பக்க டெக் இணைப்பு)

மதிப்பிற்குரிய செந்தில்நாதன் சார்,

வணக்கமுங்க. என் பெயர் கார்த்திகா, திருப்பூர் பி.என். ரோட்டிலிருந்து எழுதுகிறேன். பனியன் கம்பெனிகள் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பும் துணி எந்த யூனிட்டில் எத்தனை கிலோ நிற்கிறது என்று லாட் வாரியாகக் காட்டும் 'லாட்தடம்' என்ற சேவையை நானும் என் பங்குதாரர் பிரபுவும் நடத்துகிறோம். முதல் சுற்றாக ரூ.1.2 கோடி திரட்டுகிறோம். அது பற்றி நேரில் பேச அரை மணி நேரம் ஒதுக்கித் தர முடியுமா என்று கேட்கவே இந்த மெயில்.

நூற்பாலை நடத்தியவரே மென்பொருளிலும் முதலீடு செய்வது நம் பக்கத்தில் அபூர்வம். ஈரப்பதம், கழிவு என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒரு ஆர்டரின் துணி நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் என்று பெரும்பாலும் வேறு வேறு முதலாளிகளின் யூனிட்டுகளுக்குப் போய் வருகிறது. கைமாறும்போதெல்லாம் ஒரு டிசி, அதில் கையால் எழுதிய ஒரு எடை. 500 கிலோ கிரே துணி போய் 462 கிலோ கலர் துணி வந்தால், குறைந்த 38 கிலோவில் சாயப்பட்டறைக் கழிவு எவ்வளவு, ஈரத்தால் வந்த வித்தியாசம் எவ்வளவு, வராமலே போன துணி எவ்வளவு என்று அந்த டிசியை வைத்துச் சொல்ல முடியாது. பருத்தி காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். வணிகக் கணக்கில் ஒத்துக்கொண்ட அளவே 8.5 சதவீதம். காம்பாக்டிங் முடிந்த சூட்டில் எடை போட்ட ரோலும், ஐப்பசி மழையில் இரண்டு நாள் குடோனில் கிடந்த அதே ரோலும் ஒரே எடை காட்டாது. சண்டை இங்கேதான் தொடங்குகிறது. பட்டறைக்காரர் பில்லில் பிடித்தம் விழுகிறது; தவறு அவருடையதா என்பது அவருக்கே தெரியாது. கட்டிங்கில் துணி பற்றாமல் மறுபடி சாயம் போட்டால் ஷேட் சேர்வதில்லை. கப்பல் தேதி தவறினால் விமானச் செலவு ஏற்றுமதியாளர் தலையில்.

நான் ஒரு ஏற்றுமதி கம்பெனியின் பேப்ரிக் பிரிவில் வேலை பார்த்தவள். இரண்டு தரப்பும் நியாயமானவர்களாக இருந்தும் கணக்கு இல்லாததால் உறவு முறிவதைப் பார்த்துத்தான் இதைத் தொடங்கினேன். பிரபு கோவையில் எலக்ட்ரானிக் தராசு வடிவமைத்தவர்.

எங்கள் வழி எளிது. யூனிட்டில் இருக்கும் தராசோடே ஒரு சிறு கருவியை இணைக்கிறோம். ரோலின் எடையும் ஈரப்பதமும் நேரமும் ஒன்றாகப் பதிவாகும், 8.5 சதவீதத்துக்குச் சரிசெய்த எடை இரு தரப்புக்கும் வாட்ஸ்அப்பில் போகும். பட்டறையில் யாரும் புது ஆப் கற்றுக்கொள்ள வேண்டாம். ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவு. ஐடிசி-04 படிவத்துக்கு வேண்டிய விவரமும் இதிலிருந்தே வந்துவிடும். ஆடிட்டர்கள் எங்களைப் பரிந்துரைப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

இப்போது 7 கம்பெனிகள் பயன்படுத்துகின்றன. அதில் 4 பேர் மாதம் ரூ.12,000 கட்டுகிறார்கள். அவர்களின் துணி போகும் 31 யூனிட்டுகளில் கருவி இருக்கிறது. யூனிட்டுகளிடம் பணம் வாங்குவதில்லை, வாங்கவும் மாட்டோம். அவர்கள் தராசில் பதிவு இல்லாவிட்டால் எங்களிடம் சரக்கே இல்லை. இன்னும் நிரூபிக்காத ஒன்றும் உண்டு. பெரிய ஏற்றுமதியாளர்கள் தங்கள் இஆர்பியோடு இதை இணைத்துக்கொள்வார்களா என்பதற்கு ஒரே ஒரு கம்பெனியின் அனுபவம்தான் கையில் இருக்கிறது. டெக்கின் 7-ஆம் பக்கத்தில் அதை அப்படியே எழுதியிருக்கிறோம்.

திரட்டும் பணத்தில் பாதிக்கு மேல் கருவி தயாரிப்புக்கும் பொருத்தும் ஆட்களுக்கும் போகும். மீதி இஆர்பி இணைப்புக்கு. சிசிபிஎஸ் முறையில் யோசித்திருக்கிறோம். மதிப்பீடு பற்றி உங்களோடு பேசிய பிறகு முடிவு செய்வதே சரி என்று தோன்றுகிறது.

அடுத்த வாரம் செவ்வாய் அல்லது வியாழன் காலை உங்கள் கோவை அலுவலகத்துக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். நீங்கள் திருப்பூர் பக்கம் வருவதாக இருந்தால் இன்னும் நல்லது. அனுப்பர்பாளையத்தில் ஒரு காம்பாக்டிங் யூனிட்டில் கருவி ஓடுவதையே காட்டலாம். சனிக்கிழமை மட்டும் வேண்டாமுங்க சார். சம்பள நாள், யூனிட்காரர்களுக்குப் பேச நேரம் இருக்காது.

இந்த முதலீடு உங்களுக்குப் பொருந்தாது என்று பட்டால் ஒரு வரி பதில் போதும்.

நன்றியுடன்,
கார்த்திகா
இணை நிறுவனர், லாட்தடம், திருப்பூர்

இணைப்பு: LotThadam_Deck.pdf