பிரிவு 6: எதற்குப் பணம் கிடைக்காது
(குடும்ப மருத்துவக் காப்பீட்டு பாலிசி, காப்பீட்டுத் தொகை ரூ.5 லட்சம், தொடங்கிய நாள் 1 ஜூன் 2025)

இந்தப் பிரிவின் பழைய வடிவத்தில், ஏற்கெனவே உள்ள நோய் பற்றிய விதி அரைப் பக்கத்துக்கு ஒரே வாக்கியமாக ஓடியது. அது புரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரி கவுண்டரில் போய்த் தெரிந்துகொள்வது கொடுமை. அதனால் முழுவதையும் புதிதாக எழுதியிருக்கிறோம். இங்கே சொல்லாத எதையும் காரணம் காட்டி, "இது விலக்கு" என்று கிளைமை மறுக்க மாட்டோம்.

6.1 கொஞ்ச காலம் கிடைக்காதவை

முதல் 30 நாள், அதாவது 30 ஜூன் 2025 வரை, எந்த நோய்க்கும் பணம் கிடையாது. விபத்துக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே உண்டு. பாலிசியை இடைவெளி விடாமல் புதுப்பித்தால் இந்த 30 நாள் மறுபடி வராது.

ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் காத்திருக்க வேண்டும். "ஏற்கெனவே உள்ள நோய்" என்பது, பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னது, அல்லது அந்தக் காலத்துக்குள் நீங்கள் வைத்தியம் பார்த்தது, பார்க்கச் சொல்லப்பட்டது. அதனால் நேரடியாக வரும் சிக்கல்களும் இதில் சேரும்.

உதாரணமாக, உங்கள் அப்பாவுக்கு 2023-இல் சர்க்கரை இருப்பது தெரிந்து மாத்திரை சாப்பிடுகிறார், அதை விண்ணப்பத்திலும் எழுதியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். 2026-இல் சர்க்கரையால் கால் புண் முற்றி அட்மிட் ஆனால் பணம் கிடைக்காது. 1 ஜூன் 2028-இலோ அதற்குப் பிறகோ அட்மிட் ஆனால் கிடைக்கும். இடையில் அவருக்கு டெங்கு வந்தால்? கிடைக்கும். சர்க்கரை இருப்பதைச் சொல்லி டெங்கு கிளைமை நிறுத்த மாட்டோம்.

சில சிகிச்சைகளுக்கு, நோய் புதிதாக வந்தாலும் 24 மாதம், அதாவது 31 மே 2027 வரை, பணம் இல்லை: கண்புரை, ஹெர்னியா, மூலம், கிட்னி கல், பித்தப்பைக் கல், டான்சில், கர்ப்பப்பை நீக்கம், மூட்டு மாற்று. பட்டியல் இவ்வளவுதான், "முதலியன" கிடையாது. விபத்தால் தேவைப்பட்டால் காத்திருக்க வேண்டாம். இவற்றில் ஒன்று உங்களுக்கு ஏற்கெனவே இருந்த நோயாகவும் இருந்தால் 36 மாதம்தான் கணக்கு.

பலர் கவனிக்காத ஒன்று: பின்னால் ரூ.5 லட்சத்தை ரூ.10 லட்சமாக உயர்த்தினால், கூடுதலான ரூ.5 லட்சத்துக்கு மட்டும் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும். பழைய ரூ.5 லட்சத்துக்குக் கழிந்த மாதங்கள் கழிந்தவைதான். வேறு நிறுவனத்திலிருந்து முறைப்படி மாறி வந்தவர்களுக்கு, அங்கே கழித்த காலத்தைக் குறைத்துக்கொள்வோம்.

6.2 எப்போதுமே கிடைக்காதவை

பிரசவம், சிசேரியன், கருச்சிதைவு. ஆனால் விபத்தால் கருச்சிதைவு ஆனாலும், கருக்குழாயில் கரு தங்கிவிட்டாலும் பணம் உண்டு. குழந்தையின்மைக்கான சிகிச்சையும் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனும் இல்லை.

அழகுக்காகச் செய்யும் சர்ஜரி இல்லை; தீக்காயம், விபத்து, புற்றுநோய்க்குப் பிறகு உறுப்பைச் சீராக்கும் சர்ஜரி உண்டு. கண்ணாடி பவர் 7.5-க்குக் குறைவாக இருந்தால் லேசர் சிகிச்சைக்குப் பணம் இல்லை.

டெஸ்ட் எடுப்பதற்காக மட்டுமே அட்மிட் ஆவதற்கும் இல்லை. இதில்தான் சண்டை அதிகம் வருகிறது, ஆகவே விளக்கமாகவே சொல்கிறோம். "ஃபுல் செக்கப் பண்ணிடலாம்" என்று இரண்டு நாள் படுத்தால் கிடையாது. நள்ளிரவில் நெஞ்சுவலி வந்து, டாக்டர் ஐ.சி.யு.வில் சேர்த்து, மருந்து ஏற்றிக் கண்காணித்து, கடைசியில் இதயத்தில் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தால், அது டெஸ்டுக்காகச் சேர்ந்தது ஆகாது. பணம் தருவோம்.

மது, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் அந்தப் பழக்கத்தால் வரும் விளைவுகளும் இல்லை. குற்றம் செய்யும் நோக்கத்துடன் இறங்கி அதில் பட்ட காயத்துக்கும் இல்லை. ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டி விழுந்தது இதில் வராது. அந்தக் கிளைமை ஏற்போம்.

எங்கள் இணையதளத்தில் விலக்கப்பட்டவை என்று பெயர் போட்டிருக்கும் ஆஸ்பத்திரிகளில் பார்த்தால் பணம் இல்லை. உயிருக்கு ஆபத்து, விபத்து என்றால் நிலைமை சீராகும் வரை ஆன செலவை மட்டும் தருவோம்.

6.3 மறுத்தால்

கிளைமை மறுப்பதை ஒரு அதிகாரி தனியாக முடிவு செய்ய முடியாது. எங்கள் கிளைம் மறுஆய்வுக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும். கடிதத்தில் எந்த விதி, எந்த ஆவணத்தை வைத்து மறுத்தோம் என்று எழுதுவோம். 60 மாதம் தொடர்ந்து பாலிசி வைத்திருந்தால், "நோயை மறைத்தீர்கள்" என்று சொல்லி மறுக்க முடியாது, மோசடி நிரூபணமானால் தவிர. 6.2-இல் உள்ளவை மட்டும் அப்போதும் விலக்குதான்.

முதலில் எங்கள் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், ஒரு வருடத்துக்குள் காப்பீட்டு ஓம்பட்ஸ்மேனிடம் புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.