முதல் காய்ப்பு

நான்கு பீர்க்கங்காய்தான் தேறியது. ஐந்தாவதைப் பழ ஈ குத்தியதில் கோணிக்கொண்டு அழுகிவிட்டது. இனியும் கொடியில் விட்டால் நார் ஓடிவிடும் என்று முருகேசன் காலையிலேயே நான்கையும் காம்போடு நறுக்கினார். வீட்டுக்கு ஒன்று, மற்ற மூன்றும் பைக்குள். மொட்டை மாடிக்கு நேர்கீழே இருக்கும் சார் வீட்டை வேண்டுமென்றே தாண்டி இறங்கினார்.

"பூவெல்லாம் கொட்டுச்சே, அந்தக் கொடியா?" என்றாள் இரண்டாம் மாடிப் பெண். கண்ணில் சிரிப்பு.

"கொட்டினது ஆண் பூம்மா. அது கொட்டத்தான் செய்யும். பிஞ்சோட வர்றதுதான் பெண் பூ."

"அதுக்குத்தான் இருட்டினப்புறம் டார்ச் லைட்டும் கையுமா நின்னீங்களா? நாங்க வேற என்னமோன்னு நெனச்சோம்."

என்ன நினைத்தார்கள் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பீர்க்கம்பூ சாயங்காலம்தான் விரியும். அந்த உயரத்துக்குப் பூச்சி வந்தபாடில்லை. ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவின் நடுவில் தடவிவிட்டதெல்லாம் அவர் கைதான். அதற்கு முன் வந்த பிஞ்செல்லாம் விரல் நீளத்திலேயே மஞ்சளாகி உதிர்ந்திருந்தன.

கீழ்வீட்டுப் பாட்டி காயை வாங்கியதும் கத்தியைக் கொண்டுவரச் சொன்னார். நுனியில் ஒரு துண்டு நறுக்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"பீர்க்கு கசந்தா மொத்தச் சட்டியும் வீண். போனா போகுதுன்னு தின்னாலும் வயித்தைக் கெடுத்துடும்."

முருகேசன் இன்னும் ருசி பார்த்திருக்கவில்லை. பாட்டி மெல்லுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கசக்கல. மருந்து அடிச்சியா?"

"வேப்பெண்ணெய் மட்டும்தான் பாட்டி."

"சரி. தோலைத் தூக்கிப் போட்டுடாதீங்க, அதையும் வதக்கி அரைக்கலாம்."

கடைசியில் சார் வீடு. கதவைத் திறந்தவர் பையைப் பார்க்காமல் கூரையைக் காட்டினார். மூலையில் தட்டு அளவுக்கு ஈரக்கறை.

"உன் தோட்டம் பண்ற வேலை."

"செடிப் பையெல்லாம் செங்கல் மேலதான் சார் இருக்கு. அடியில தட்டும் வெச்சிருக்கேன். இந்தக் கறை போன மழைக்கே இருந்ததே."

சார் கையை நீட்டவில்லை. உள்ளிருந்து வந்த அவர் மனைவி காயை வாங்கி, நகத்தால் லேசாக அழுத்திப் பார்த்துவிட்டு, "நல்ல பிஞ்சு" என்று சமையலறைக்குள் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் முருகேசன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது சார் மாடிக்கு வந்தார். குனிந்து ஒவ்வொரு பைக்கும் அடியில் கைவிட்டுப் பார்த்தார். தரை காய்ந்திருந்தது. நிமிர்ந்தவர் பந்தலைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"ஒண்ணே ஒண்ணு குடுத்தா எப்படிப்பா? எங்க வீட்ல அஞ்சு பேர்."

"அடுத்தது இப்பத்தான் சார் பிஞ்சு பிடிச்சிருக்கு. ஒரு வாரமாவது ஆகும்."

"ரெண்டா குடு," என்றபடி படியிறங்கியவர் பாதியில் நின்று திரும்பினார். "ஆனா அந்தக் கறை உன்னாலதான்."